இரண்டு புள்ளி வலி குறைந்தால் போதுமா?

பிரிட்டனில் முதுகுவலிக்காரர்களிடம் நடத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2004ஆம் ஆண்டு வெளியானது. யு.கே. பீம் என்பது அதன் பெயர். 1,334 பேர் அதில் சேர்ந்தார்கள். குலுக்கல் முறையில் அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு, குடும்ப மருத்துவர் தரும் வழக்கமான நல்ல சிகிச்சை மட்டும். இரண்டாவது குழுவுக்கு அதோடு உடற்பயிற்சி வகுப்பு. மூன்றாவது குழுவுக்கு அதோடு கையால் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்யும் சிகிச்சை. நான்காவது குழுவுக்கு, கைச்சிகிச்சை முடிந்த பிறகு உடற்பயிற்சியும் சேர்த்து.

முதுகுவலி ஒருவரை எவ்வளவு முடக்கியிருக்கிறது என்பதை ரோலண்ட்-மாரிஸ் வினாப்பட்டியலால் அளந்தார்கள். 1983இல் உருவான இந்தப் பட்டியலில் 24 வாக்கியங்கள் இருக்கும். படி ஏறும்போது சிரமமா, காலுறை போடக் கஷ்டமா, வீட்டு வேலையைத் தள்ளிப்போடுகிறீர்களா என்ற ரகத்தில் கேள்விகள். பொருந்தும் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஒன்றும் பொருந்தாவிட்டால் 0, எல்லாம் பொருந்தினால் 24.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, இரண்டு சிகிச்சையும் பெற்ற குழு, வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவைவிட சராசரியாக 1.9 புள்ளி கூடுதலாக முன்னேறியிருந்தது. இருபத்துநான்குக்கு 1.9. கேட்பவர் யாரும் உற்சாகமடைய மாட்டார்கள். இந்தப் பலன் அதிகபட்சம் சிறியது முதல் நடுத்தரம் என்றே அப்போது சொல்லப்பட்டது.

ஐந்து ஆண்டுகள் கழித்து ராபர்ட் ஃப்ரௌட் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் அதே தரவை எடுத்து வேறொரு கேள்வி கேட்டார்கள். சராசரி எவ்வளவு மாறியது என்பதை அவர்கள் கேட்கவில்லை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் முன்னேறியவர்கள் ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர் என்று எண்ணினார்கள். விடை வேறு முகம் காட்டியது. இரண்டு சிகிச்சையையும் சேர்த்துப் பெறும் மூன்று முதல் ஐந்து பேரில் ஒருவர், வழக்கமான சிகிச்சையால் கிடைத்திருக்காத பலனை அடைகிறார். முன்னேறியவர்களை மட்டும் எண்ணுகிறோமா, மோசமாகாமல் தப்பியவர்களையும் சேர்த்து எண்ணுகிறோமா என்பதைப் பொறுத்து அந்த எண் 3.3இலிருந்து 4.8 வரை வந்தது. மருத்துவத்தில் இது நல்ல எண்.

நோயாளிகள் மாறவில்லை, எண்களும் மாறவில்லை. ஒரு கணக்கில் சிகிச்சை அற்பமாகத் தெரிகிறது, இன்னொன்றில் சிறப்பாகத் தெரிகிறது. இரண்டுமே நேர்மையாகப் போட்ட கணக்குதான். வலி பற்றிய எந்த ஆய்வைப் படிப்பவரும் இந்த முடிச்சை அவிழ்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எல்லைக்கோடு எங்கிருந்து வந்தது?

ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பதைக் கருவி சொல்லும். வலி எவ்வளவு என்பதை வலிப்பவர்தான் சொல்ல வேண்டும். வலியே இல்லை என்றால் 0, இதைவிட மோசமாக இருக்க முடியாது என்றால் 10 என்று ஓர் எண்ணைச் சொல்லச் சொல்வார்கள். ஒருவர் போன மாதம் 7 என்றார், இன்று 6 என்கிறார். இந்த ஒரு புள்ளி அவர் வாழ்க்கையில் எதையாவது மாற்றியிருக்கிறதா? இல்லை, அன்றைக்கு வாயில் வந்த எண்தானா?

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோமன் ஜேஷ்கே, ஜோயல் சிங்கர், கோர்டன் கயாட் ஆகிய மூவர் 1989இல் இதற்கு ஒரு வரையறை தந்தார்கள். நோயாளி தனக்கு நன்மை என்று உணரக்கூடிய மிகச் சிறிய மாற்றம் எதுவோ, தொந்தரவான பக்கவிளைவோ அளவுமீறிய செலவோ இல்லாதபோது சிகிச்சையையே மாற்றத் தூண்டுமளவுக்கு எது இருக்கிறதோ, அதுவே பொருட்படுத்தத்தக்க குறைந்தபட்ச மாற்றம் என்றார்கள். மருத்துவ ஆய்வாளர்கள் இதை எம்.சி.ஐ.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். அந்த வரையறையில் பக்கவிளைவும் செலவும் இடம்பெற்றிருப்பதைக் கவனியுங்கள். பிற்பாடு இதைப் பயன்படுத்திய பலர் அந்தப் பாதியை மறந்துவிட்டார்கள்.

வரையறை இருந்தால் போதாது, எண் வேண்டும். வலிக்கு அந்த எண்ணைத் தந்த ஆய்வுகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது அமெரிக்காவின் ஜான் ஃபேரர் குழு 2001இல் வெளியிட்டது. ப்ரீகாபலின் என்ற மருந்துக்காக நடந்த 10 ஆய்வுகளிலிருந்து 2,724 பேரின் விவரங்களைச் சேர்த்தார்கள். சர்க்கரை நோயால் வரும் நரம்பு வலி, அக்கி வந்துபோன பின் தங்கும் வலி, நாட்பட்ட முதுகுவலி, மூட்டுத் தேய்மானம் என்று பல வகை நோயாளிகள். ஆய்வின் தொடக்கத்திலும் முடிவிலும் அவர்கள் சொன்ன வலி எண் இருந்தது. முடிவில் இன்னொரு கேள்வியும் கேட்கப்பட்டிருந்தது: மொத்தத்தில் இப்போது எப்படி இருக்கிறீர்கள்? மிக நன்றாகத் தேறிவிட்டேன் என்பதிலிருந்து மிக மோசமாகிவிட்டேன் என்பது வரை ஏழு விடைகள். நன்றாகத் தேறினேன், மிக நன்றாகத் தேறினேன் என்ற இரண்டில் ஒன்றைச் சொன்னவர்களை மற்றவர்களிடமிருந்து எந்த வலி எண் மாற்றம் சிறப்பாகப் பிரித்துக் காட்டுகிறது என்று தேடினார்கள். ஏறக்குறைய 2 புள்ளி, அல்லது தொடக்க வலியில் 30 சதவீதம் குறைவு என்று விடை வந்தது.

2 புள்ளி, 30 சதவீதம் என்று இன்று நூற்றுக்கணக்கான ஆய்வுகளில் காணப்படும் எண்ணின் பூர்வீகம் இதுதான். வலி ஆய்வுகளுக்கு நெறிமுறை வகுக்கும் இம்பாக்ட் குழுவும் 30 சதவீதக் குறைவை நடுத்தர முன்னேற்றம் என்றும் 50 சதவீதக் குறைவைக் கணிசமான முன்னேற்றம் என்றும் ஏற்றுக்கொண்டது.

இந்த வழியில் சில பலவீனங்கள் உண்டு. நங்கூரமாக எடுத்துக்கொள்ளும் அந்த ஒற்றைக் கேள்வியைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. ஃபேரர் குழு வைத்தது ‘நன்றாகத் தேறினேன்’ என்ற விடையை. ‘கொஞ்சம் தேறினேன்’ என்பதை வைத்திருந்தால் எண் இன்னும் சிறிதாக வந்திருக்கும். ஆகவே அந்த 2 புள்ளி உண்மையில் குறைந்தபட்சம் அல்ல, அதற்குச் சற்று மேலே. அடுத்து, மூன்று மாதத்துக்கு முன் எப்படி இருந்தோம் என்பது யாருக்கும் துல்லியமாக நினைவிருக்காது. இப்போது எப்படி இருக்கிறது என்பதை வைத்தே பெரும்பாலோர் எவ்வளவு தேறினோம் என்று சொல்லிவிடுகிறார்கள். மூன்றாவது, தொடக்க நிலை. வலி 9இல் இருப்பவருக்கு 2 புள்ளி குறைந்து 7 ஆனாலும் இரவில் தூக்கம் வராமல் போகலாம். 4இல் இருப்பவருக்கு 2 புள்ளி என்பது பாதி வலி போனதற்குச் சமம். சதவீதக் கணக்கு இந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது என்று ஃபேரர் குழுவே காட்டியிருந்தது.

இதனால் ஒரே அளவுகோலுக்குப் பல எம்.சி.ஐ.டி.கள் புழங்குகின்றன. திடீர் வலி குறித்த 37 ஆய்வுகளைத் திரட்டி 2017இல் டென்மார்க் ஆய்வாளர்கள் பார்த்தபோது, 100 மில்லிமீட்டர் கோட்டில் அந்த எண் 8இலிருந்து 40 வரை சிதறிக் கிடந்தது. எட்டு எடுத்தால் ஏறக்குறைய எல்லாச் சிகிச்சையும் ஜெயிக்கும், நாற்பது எடுத்தால் ஏறக்குறைய எல்லாம் தோற்கும். முடிவைப் பார்த்த பிறகு ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்க ஒருவருக்கு அனுமதி இருந்தால் அவர் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். அதனால்தான் எந்த எண், ஏன் அந்த எண் என்று முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்கிறார்கள்.

ஆளுக்கான அளவும் குழுவுக்கான அளவும்

பீம் ஆய்வுக்கு வருவோம். ரோலண்ட்-மாரிஸ் பட்டியலில் பொருட்படுத்தத்தக்க மாற்றம் 5 புள்ளி, அல்லது தொடக்கத்திலிருந்து 30 சதவீதம் என்று 2008இல் ஒரு பன்னாட்டு நிபுணர் குழு பரிந்துரைத்தது. பீம் ஆய்வில் கிடைத்த வித்தியாசம் 1.9. ஐந்தைவிட 1.9 குறைவு, ஆகவே பயனில்லை என்று சொல்லிவிடலாமா?

கூடாது. இந்தத் துறையில் நான் அதிகம் காணும் தவறு இதுதான். படித்தவர்களும் செய்கிறார்கள்.

ஐந்து என்பது ஒரு மனிதர் தன் தொடக்க நிலையிலிருந்து எவ்வளவு நகர்ந்தார் என்பதற்கான அளவு. 1.9 என்பது இரண்டு குழுக்களின் சராசரி முன்னேற்றத்துக்கு இடையே உள்ள இடைவெளி. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களும் தேறத்தான் செய்தார்கள். அவர்கள் தேறியதைக் கழித்த பிறகு மிஞ்சுவதே இந்த 1.9. ஒருவர் மொத்தமாக நடந்த தூரத்துக்கு வகுத்த அளவை, இருவர் நடந்த தூரங்களின் வித்தியாசத்துக்குப் பொருத்த முடியாது.

எண்களோடு பார்த்தால் தெளிவாகும். கற்பனையாக ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 200 பேர். 100 பேருக்கு 12 வாரம் பிசியோதெரபி பயிற்சி. மற்ற 100 பேருக்கு ஆலோசனையும் வழக்கமான மாத்திரையும். பயிற்சிக் குழுவில் வலி சராசரியாக 2.5 புள்ளி குறைகிறது, மற்றக் குழுவில் 1.5 புள்ளி. வித்தியாசம் 1. ஆளுக்கு ஆள் மாற்றம் வேறுபடும். அந்தச் சிதறலின் திட்ட விலக்கம் இரண்டு குழுக்களிலும் 2.5 என்று வைத்துக்கொள்வோம். வலி ஆய்வுகளில் இது சாதாரணமாகக் காணப்படும் அளவுதான்.

இப்போது 2 புள்ளியோ அதற்கு மேலோ குறைந்தவர்களை எண்ணுவோம். மாற்றங்கள் மணி வடிவத்தில் பரவியிருந்தால் பயிற்சிக் குழுவில் 58 பேர் இருப்பார்கள், மற்றதில் 42 பேர். வித்தியாசம் 16. ஒன்றை 0.16ஆல் வகுத்தால் சுமார் 6. அதாவது ஆறு பேர் பயிற்சி செய்தால், பயிற்சி இல்லாவிட்டால் கோட்டைத் தொட்டிருக்காத ஒருவர் கூடுதலாகக் கோட்டைத் தொடுகிறார். சராசரி வித்தியாசம் ஒரு புள்ளிதான், எம்.சி.ஐ.டி.யில் பாதிதான். ஆனாலும் நூற்றுக்குப் பதினாறு பேர் கூடுதலாக அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறார்கள்.

பீம் ஆய்வில் நடந்ததும் இதுவே. சராசரியும் எண்ணிக்கையும் முரண்படவில்லை. சராசரியை ஆளுக்கான அளவோடு ஒப்பிட்டவர்களுக்குத்தான் முரண்பாடு தெரிந்தது.

அப்படியானால் குழுக்களுக்கு இடையே எவ்வளவு வித்தியாசம் இருந்தால் சிகிச்சைக்கு மதிப்பு? அதை நோயாளிகளிடமே கேட்கலாம். ஒன்றும் செய்யாமல் இருந்தாலே இவ்வளவு தேறும், இந்தச் சிகிச்சையில் இத்தனை முறை வர வேண்டும், இவ்வளவு செலவு, இன்னின்ன தொந்தரவு வரலாம் என்று விளக்கிவிட்டு, இதற்கெல்லாம் ஈடாகக் கூடுதலாக எவ்வளவு குறைய வேண்டும் என்று கேட்பது. ஆஸ்திரேலியாவில் நாட்பட்ட முதுகுவலிக்காரர்களிடம் இப்படிக் கேட்டு 2013இல் வெளியான ஆய்வில், வலி நிவாரணி மாத்திரைக்கு 30 சதவீதமும் பிசியோதெரபிக்கு 20 சதவீதமும் கூடுதல் பலன் வேண்டும் என்பது நடுத்தர விடையாக இருந்தது. ஒரே வலிக்கு இரண்டு எண்! பக்கவிளைவு, பணம், நேரம் எல்லாம் தராசில் ஏறும்போது அப்படித்தான் வரும். ஜேஷ்கே வரையறையில் மறக்கப்பட்ட பாதி இங்கே திரும்பி வந்திருக்கிறது. குழு வித்தியாசத்தை மதிப்பிட இந்த வழியே எனக்குச் சரியாகப் படுகிறது. நம் ஊரில், தினக்கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் பயிற்சிக்கு வரும் ஒருவரிடம் கேட்டால் வேறு எண் வரக்கூடும். வெளிநாட்டு எண்ணை அப்படியே எடுத்து எழுதுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

திட்டத்தில் என்ன எழுதுவது?

இந்தக் குழப்பம் ஆய்வின் அளவையே பாதிக்கிறது. எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்பதை, எவ்வளவு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நினைக்கிறோம் என்பதுதான் முடிவு செய்கிறது. முழங்கால் ஆய்வைத் திட்டமிடும் முதுகலை மாணவர் ஒருவர், எம்.சி.ஐ.டி. 2 என்று எங்கோ படித்து, குழு வித்தியாசமாகவும் 2ஐயே போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்ட விலக்கம் 2.5, உண்மையான பலனைப் பிடிக்கும் வாய்ப்பு 80 சதவீதம் என்ற வழக்கமான கணக்கில், குழுவுக்கு 25 பேர் போதும் என்று வரும். மாணவருக்கு மகிழ்ச்சி, வழிகாட்டிக்கும் நிம்மதி. ஆனால் பயிற்சியின் உண்மையான பலன் 1 புள்ளி என்றால், அந்த 25 பேர் ஆய்வு அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பத்தில் ஏறக்குறைய மூன்றுதான். மீதி ஏழு முறை, பயிற்சியால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று ஆய்வேடு முடியும். 1 புள்ளியைக் குறிவைத்திருந்தால் குழுவுக்கு 98 பேர் தேவைப்பட்டிருக்கும். நடுவில் நின்றுவிடுபவர்கள் 15 சதவீதம் என்று வைத்தால் 116.

இந்த இடத்தில் எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 116 பேர் கிடைக்க மாட்டார்கள், 40 பேர்தான் கிடைப்பார்கள், ஆகவே 40 பேருக்கு ஏற்ற வித்தியாசம் எதுவோ அதையே முக்கியமான வித்தியாசம் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுவது. எண் முதலில், காரணம் பிறகு. இதைக் கண்டுபிடிப்பது எளிது. அப்படிப்பட்ட திட்டத்தில் அந்த எண்ணுக்கு நோயாளி சார்ந்த காரணம் ஒன்றும் இருக்காது.

குறிவைக்கும் வித்தியாசத்தை எப்படி நியாயப்படுத்துவது என்று 2018இல் டெல்டா2 என்ற வழிகாட்டி வெளியானது. அந்த வித்தியாசம் முக்கியமானதாகவும் இருக்க வேண்டும், நடக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். என் மாணவர் ஒருவர் திட்டம் எழுதினால் நான் எதிர்பார்க்கும் பத்தி இப்படி இருக்கும்:

“முதன்மை முடிவு, 12ஆம் வாரத்தில் 0–10 வலி எண்ணில் குழுக்களுக்கு இடையேயான சராசரி வித்தியாசம். 1 புள்ளியைக் குறிவைக்கிறோம். முழங்கால் தேய்மானத்துக்குப் பயிற்சி தரப்பட்ட முந்தைய ஆய்வுகளில் இந்த அளவு கிடைத்திருக்கிறது. எங்கள் புறநோயாளிப் பிரிவில் நோயாளிகளிடம் செலவையும் வருகைகளையும் விளக்கிக் கேட்டபோது, இவ்வளவு கூடுதல் பலன் கிடைத்தால் வருவோம் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். தனி ஆள் முன்னேற்றத்துக்கு 2 புள்ளிக் குறைவை எல்லையாகக் கொள்கிறோம். நாட்பட்ட வலியுள்ளவர்களிடம், ‘நன்றாகத் தேறினேன்’ என்ற அவர்களுடைய விடையை வைத்துக் கணிக்கப்பட்ட எல்லை இது. 30 மற்றும் 50 சதவீதக் குறைவையும் தனியே தெரிவிப்போம்.”

ஆளுக்கான எண்ணும் குழுவுக்கான எண்ணும் தனித்தனியே, ஒவ்வொன்றுக்கும் அதனதன் காரணத்தோடு நிற்கின்றன. திட்ட விலக்கத்தில் பாதியை எம்.சி.ஐ.டி.யாக எடுத்துக்கொள்ளும் பழக்கமும் இருக்கிறது. வேறு எதுவும் கிடைக்காதபோது அது ஒரு துணைச் சான்று. நோயாளியின் குரல் அதில் இல்லை என்பதால் அதை மட்டும் நம்பி நிற்கக் கூடாது.

எண்ணிக்கையைச் சொல்லும் முறை

பலன் கண்டவர்கள் எத்தனை பேர் என்று சொல்வது நோயாளிக்கு உடனே புரிகிறது. ஆனால் அந்தக் கணக்கு ஒரு கோட்டைப் போட்டு மனிதர்களை இரண்டாகப் பிரிக்கிறது. தேர்வில் 34 எடுத்தவரும் 5 எடுத்தவரும் ஒரே பட்டியலில் தோல்வி என்று நிற்பதைப் போல, 1.9 புள்ளி குறைந்தவரும் வலி கூடியவரும் பலன் காணாதவர்களாக ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறார்கள். தகவல் வீணாகிறது. நம் முழங்கால் ஆய்வைச் சராசரியால் முடிவு செய்ய 98 பேர் போதும் என்று பார்த்தோம். 58க்கும் 42க்கும் உள்ள வித்தியாசத்தை முதன்மை முடிவாக வைத்தால் குழுவுக்கு 150 பேர் வேண்டியிருக்கும். அதனால் சராசரி முதன்மையாக இருக்கட்டும், எண்ணிக்கை அதை விளக்கும் துணையாக இருக்கட்டும் என்பதே என் கட்சி.

எண்ணிக்கையைத் தெரிவிக்கும்போது மிக அதிகமாக நடக்கும் பிழை, ஒரு குழுவை மட்டும் சொல்வது. பயிற்சியால் 58 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது என்று செய்தி வரும். பயிற்சி இல்லாமலே 42 பேருக்குக் குறைந்ததே! வலி தானாக ஏறி இறங்கும் இயல்புடையது. ஏறி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆட்கள் மருத்துவமனைக்கு வருகிறார்கள், ஆய்வில் சேர்கிறார்கள். அதன்பின் பலருக்கும் அது இறங்கத்தான் செய்யும். அந்த 42ஐச் சொல்லாமல் 58ஐச் சொல்வது பாதி உண்மை.

அடுத்தது கோட்டை நகர்த்துவது. அதே தரவில் 2 புள்ளிக்குப் பதில் 5 புள்ளி குறைந்தவர்களை எண்ணினால் பயிற்சிக் குழுவில் 16 பேர், மற்றதில் 8 பேர். வித்தியாசம் 16இலிருந்து 8 ஆகச் சுருங்கிவிட்டது. ஆனால் விகிதத்தில் சொன்னால் இரட்டிப்பு! பயிற்சி பலன் வாய்ப்பை இருமடங்காக்குகிறது என்று தலைப்புப் போடலாம். விகிதத்தை மட்டும் சொல்லும் கட்டுரையை நம்பாதீர்கள், இரண்டு குழுக்களின் எண்ணிக்கையையும் தேடிப் பாருங்கள். நல்ல ஆய்வறிக்கை ஒரு கோட்டோடு நிற்காது. கிடைமட்டத்தில் எவ்வளவு புள்ளி குறைந்தது என்பதையும், செங்குத்தில் அவ்வளவாவது குறைந்தவர்கள் எத்தனை சதவீதம் என்பதையும் வைத்து, குழுவுக்கு ஒன்றாக இரண்டு வளைகோடுகள் வரைந்து காட்டும். படிப்பவர் தனக்கு முக்கியமென்று படும் எந்த இடத்திலும் விரல் வைத்து இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துக்கொள்ளலாம்.

பாதியில் நின்றவர்களை என்ன செய்வது என்பதில்தான் எண்ணிக்கை அதிகம் ஏமாற்றும். பயிற்சிக் குழுவில் 20 பேர் வலி தாங்காமல் நின்றுவிட்டார்கள், மற்றக் குழுவில் 5 பேர் மட்டும் நின்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமிருக்கும் 80 பேரில் 50 பேருக்குப் பலன், 62.5 சதவீதம். மற்றதில் 95இல் 43, சுமார் 45 சதவீதம். வித்தியாசம் 17க்கு மேல். இப்போது நின்றவர்களைப் பலன் காணாதவர்களாகச் சேர்த்து, சேர்ந்த நூறு பேரையும் வைத்துக் கணக்கிட்டால் 50க்கு 43. வித்தியாசம் வெறும் 7. வலி ஆய்வில் ஒருவர் நின்றுவிட்டார் என்றால் சிகிச்சை அவருக்கு ஒத்துவரவில்லை என்று எடுத்துக்கொள்வது பெரும்பாலும் நியாயம். ஊர் மாறிப் போனதால் நின்றவரும் இருக்கலாம். ஆகவே எந்த வழியில் கணக்கிடப்போகிறோம் என்று முன்பே சொல்லிவிட்டு, மற்ற வழிகளிலும் கணக்கிட்டு முடிவு நிற்கிறதா என்று காட்ட வேண்டும்.

ஆறு பேருக்கு ஒருவர் என்ற எண்ணும் கல்லில் செதுக்கியது அல்ல. குழுவுக்கு 100 பேர் என்ற அளவில், 16 என்ற வித்தியாசத்தின் 95 சதவீத நம்பக எல்லை ஏறக்குறைய 2இலிருந்து 30 வரை நீள்கிறது. அதாவது மூன்று பேருக்கு ஒருவராகவும் இருக்கலாம், நாற்பதுக்கு மேற்பட்டவர்களில் ஒருவராகவும் இருக்கலாம். பீம் தரவிலேயே, உடற்பயிற்சி மட்டும் பெற்ற குழுவுக்கு ஒரு கணக்கில் 9 என்று வந்த எண்ணின் எல்லை 5இலிருந்து 45.5 வரை போனது. இந்த எல்லையைச் சொல்லாமல் 9 என்று மட்டும் சொன்னால், இருப்பதைவிட அதிகத் தெளிவு இருப்பதாக நினைத்துவிடுவோம்.

கடைசியாக ஒன்று. நுட்பமானது, பல மருத்துவர்களே சறுக்கும் இடம். 16 பேர் கூடுதல் என்றவுடன், பயிற்சி அந்த 16 பேருக்கு வேலை செய்தது, மற்ற 84 பேருக்கு வேலை செய்யவில்லை என்று தோன்றும். அந்த 16 பேர் யார், அவர்களுடைய மரபணு என்ன, உடலமைப்பு என்ன என்று தேடிப் புறப்படுவார்கள். ஆனால் நம் கற்பனை ஆய்வில், பயிற்சி ஒவ்வொருவருக்கும் சரியாக ஒரு புள்ளி மட்டுமே குறைத்திருந்தாலும் இதே 58ம் 42ம் வரும். பயிற்சி இல்லாமலே ஒன்றரைப் புள்ளி குறைந்திருக்கக்கூடியவர் இப்போது இரண்டரை ஆகிக் கோட்டைத் தாண்டுகிறார். நான்கு குறைந்திருக்கக்கூடியவருக்கு ஐந்து ஆனாலும் அவர் முன்பே தாண்டியவர்தான். மோசமாகியிருக்கக்கூடியவருக்கும் ஒரு புள்ளி நன்மை கிடைத்தது, ஆனால் கோடு அவருக்கு எட்டவில்லை. பலன் எல்லோருக்கும் சமம். கோட்டுக்குப் பக்கத்தில் நின்ற 16 பேர் மட்டும் கணக்கில் தெரிகிறார்கள். எண்ணிக்கையை வைத்து, யாருக்குச் சிகிச்சை வேலை செய்தது என்று ஆளைச் சுட்ட முடியாது என்பதைப் புள்ளியியலாளர் ஸ்டீஃபன் சென் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறார். ‘பலன் கண்டவர்’ என்பது கோட்டைத் தாண்டியவர் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை. அவரைத் தாண்டவைத்தது சிகிச்சையா, காலமா என்று அந்த ஓர் ஆளை வைத்துச் சொல்ல இயலாது.

இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதிவுசெய்ய 2007இலிருந்து சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேடு இயங்குகிறது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆய்வு தொடங்கும் முன்பே எந்த முடிவை, எந்த அளவுகோலால், எந்த வாரத்தில் அளக்கப்போகிறோம் என்று அதில் எழுதியிருப்பார்கள். முதுகுவலிக்கோ முழங்கால் வலிக்கோ ஒரு சிகிச்சை இத்தனை சதவீதம் பேருக்குப் பலன் தந்தது என்று அடுத்த முறை படிக்கும்போது, சிகிச்சை பெறாத குழுவில் எத்தனை சதவீதம் என்று முதலில் கேளுங்கள். பிறகு, கோடு எங்கே போடப்பட்டது, அதை எப்போது போட்டார்கள் என்று பதிவேட்டில் தேடிப் பாருங்கள். இரண்டுக்கும் விடை இல்லாத ஆய்வை நம்பிச் சிகிச்சையை மாற்ற வேண்டாம்.